பூட்டாத அறையில் நாலரை மணி நேரம்: இது எந்த வழக்கு?

கயல்விழி (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே மலேசியச் சட்டம் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. தீங்கியல் பாடத்தில் வந்த ஒரு கேள்வியில் மூன்று நாளாகச் சிக்கி நிற்கிறேன். கற்பனைக் கேள்விதான். ஆனாலும் எங்கள் லயத்தில் யாருக்கும் நடந்திருக்கக்கூடியது, அதனால் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

செல்வம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரக்கிடங்குக் கிராணி. ஒரு புதன்கிழமை கணக்கெடுத்தபோது 12 மூட்டை உரம் குறைகிறது. பிற்பகல் 2 மணிக்கு உதவி நிர்வாகி அவரை அலுவலகத்துக்கு அழைக்கிறார். கைப்பேசியையும் மோட்டார் சைக்கிள் சாவியையும் வாங்கி மேசையில் வைத்துக்கொள்கிறார். ஜாகாவைக் கதவருகே நிற்க வைத்து, "போலீஸ் வரும்வரை இங்கிருந்து நகரக்கூடாது" என்கிறார். கதவு பூட்டப்படவில்லை. கழிவறைக்குப் போனபோதும் ஜாகா கூடவே போகிறார். 6 மணிக்குத்தான் போலீசுக்குத் தகவல் போகிறது. 6.30க்கு வந்த அதிகாரி உதவி நிர்வாகியின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டுச் செல்வத்தைக் கைது செய்கிறார்.

மறுநாள் காலை மாஜிஸ்திரேட் மூன்று நாள் தடுப்புக்காவலுக்கு ஆணையிடுகிறார். அதன்பின் தண்டனைச் சட்டம் 381ஆம் பிரிவின்கீழ், பணியாளர் செய்த திருட்டு என்று குற்றம் சாட்டப்படுகிறது. 14 மாதம் கழித்து விசாரணையில் லாரி ஓட்டுநர் சாட்சி சொல்கிறார்: அந்த 12 மூட்டையை அடுத்த டிவிஷனுக்கு ஏற்றிச் சென்றது தாம்தான், அனுப்புச் சீட்டில் கையெழுத்திட்டது அதே உதவி நிர்வாகிதான். சீட்டின் கார்பன் நகல் உதவி நிர்வாகியின் கோப்பிலேயே இருந்தது. எதிர்வாதத்துக்கு அழைக்காமலேயே செல்வம் விடுதலையாகிறார். கைதுக்கு இரண்டு வாரம் முன்பு அவர் மிகைநேரச் சம்பளம் குறித்துத் தொழிற்சங்கத்தில் புகார் செய்திருந்தார்.

செல்வத்துக்கு என்ன பரிகாரம் என்பது கேள்வி. "விடுதலையாகிவிட்டார், ஆகவே 2 மணியிலிருந்து விடுதலை வரை எல்லாமே தீய நோக்க வழக்கு" என்று எழுதினேன். நியாயமான காரணமின்றி வன்மத்தால் தம்மேல் குற்ற வழக்குத் தொடுத்தவரிடம் இழப்பீடு கேட்பதுதான் அந்த வழக்கு. ஆசிரியர் சிவப்பு மையில் "இரண்டைக் கலக்கிவிட்டாய்" என்று மட்டும் எழுதித் திருப்பிவிட்டார். எங்கே கலக்கினேன்?

தோட்டத்துப் பிள்ளை

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் எனக்குத் தவறு தெரியவில்லை. நீதிமன்றமே நிரபராதி என்று சொல்லிவிட்டது. அப்படியானால் புகார் பொய், கைது தவறு, வழக்கு தவறு. பொய்ப் புகார் கொடுத்தவன்தான் வழக்குத் தொடுத்தவன். ஒன்று மட்டும் சொல்வேன்: அந்த நாலரை மணி நேரத்தைச் சிறைவைப்பு என்று எழுதாதீர்கள். கதவு பூட்டவில்லை, யாரும் அவரைத் தொடவில்லை. எழுந்து போயிருக்கலாமே.

பழைய வக்கீல் (ஈப்போ)

பிள்ளை சொன்னதில் பாதி சரி, பாதி தலைகீழ். தலைகீழாக உள்ளதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சிறைவைப்புக்குப் பூட்டு வேண்டாம், கை படவும் வேண்டாம். எல்லாப் பக்கமும் வழி அடைபட்டிருந்தால் போதும், அது மிரட்டலாலும் அடைபடலாம். செல்வத்தின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சாவி மேசையில் இருக்கிறது, கைப்பேசி அவர்களிடம் இருக்கிறது, கதவருகே ஆள் நிற்கிறான், "நகரக்கூடாது" என்று மேலாளர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எழுந்தால் தடுப்பார்கள் என்று நம்ப அவருக்கு எல்லாக் காரணமும் இருக்கிறது. எழுந்து மோதிப் பார்த்துவிட்டுத்தான் வழக்குப் போட வேண்டும் என்று சட்டம் யாரையும் கேட்பதில்லை. கழிவறைக்கும் ஜாகா பின்னால் போனாரே, கேள்வி எழுதியவர் அந்த வரியைச் சும்மா வைக்கவில்லை. வழி திறந்திருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கயல்விழி, நீ கலக்கிய இடம் இதுதான். 2 மணியிலிருந்து 6.30 வரை எந்த வழக்கும் தொடங்கவில்லை. குற்றச்சாட்டு இல்லை, போலீஸ்கூட இல்லை. ஒரு தனி மனிதர் இன்னொருவரின் நடமாட்டத்தை நிறுத்தி வைத்தார், அவ்வளவுதான். அது தவறான சிறைவைப்பு. அதற்குத் தீய நோக்கம் காட்ட வேண்டாம், நட்டம் காட்ட வேண்டாம், விடுதலை ஆகியிருக்கவும் வேண்டாம். அடைத்து வைத்ததை மட்டும் செல்வம் காட்டிவிட்டால், "எனக்கு அதிகாரம் இருந்தது" என்று மெய்ப்பிக்கும் சுமை உதவி நிர்வாகியின் தோளுக்குப் போய்விடும்.

அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா? குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27ஆம் பிரிவு தனி மனிதரும் கைது செய்ய இடம் தருகிறது. ஆனால் பிணை தர முடியாத, வாரண்ட் இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் அவர் பார்வையில் நடந்திருக்க வேண்டும். பிடித்தவரைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் போலீசிடம் ஒப்படைக்கவும் வேண்டும். இங்கே அவர் பார்த்தது திருட்டையா? கணக்கேட்டில் குறைந்த ஓர் எண்ணைப் பார்த்தார். ஒப்படைத்தாரா? நான்கு மணி நேரம் கழித்துத்தான் தொலைபேசியையே எடுத்தார். இரண்டு கொக்கியிலும் மாட்டிக்கொள்கிறார்.

மாலதி டீச்சர்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செல்வத்தை வேலையிலிருந்து நீக்கியிருப்பார்கள் அல்லவா? அதற்குத்தானே முதலில் போராட வேண்டும்? என் தம்பியை ஒரு தோட்டத்தில் இப்படித்தான் ஒரே நாளில் நிறுத்தினார்கள். நாங்கள் விசாரித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது.

பழைய வக்கீல் (ஈப்போ)

டீச்சர், தம்பிக்கு நடந்தது வருத்தமான செய்தி. வேலைநீக்கம் வேறு கதவு. தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி நீக்கப்பட்ட 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அந்த 60 நாள் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். கயல்விழியின் கேள்வியில் வேலைநீக்கம் பேசப்படவில்லை, ஆகவே அதை இங்கே விட்டுவிடலாம்.

கயல்விழி (சுங்கை சிப்புட்)

நன்றி ஐயா, முதல் பகுதி தெளிவாகிவிட்டது. 6.30க்குப் பிறகு? போலீஸ் வண்டியில் ஏற்றியது, இரவு லாக்கப்பில் இருந்தது, பிறகு மூன்று நாள். அதுவும் சிறைதானே? உதவி நிர்வாகி சொன்னதால்தானே எல்லாம் நடந்தது?

பழைய வக்கீல் (ஈப்போ)

நல்ல இடத்தைத் தொட்டாய். நேரத்தை ஒரு கயிறாக நினைத்துக்கொள். அதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதல் முடிச்சு 6.30. போலீஸ் அதிகாரி தகவலைக் கேட்டு, தாமே யோசித்து, தம் பொறுப்பில் கைது செய்தால், அதற்குப் பிறகு அடைத்து வைத்தவர் அவர். தகவல் கொடுத்தவர் அல்ல. 1859இல் கிரின்ஹாம் எதிர் வில்லி என்ற ஆங்கில வழக்கிலிருந்தே இப்படித்தான். ஆனால் அதிகாரி "நான் பொறுப்பேற்க மாட்டேன், நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் வைத்துக்கொள்வேன்" என்று சொல்லி, புகார்காரர் கையெழுத்திட்டால் கதை மாறும். 1870இல் ஆஸ்டின் எதிர் டௌலிங் வழக்கில் நடந்தது அதுதான். கையெழுத்திட்டவரே சிறை வைத்தவர் என்று தீர்ந்தது. உன் கேள்வியில் அதிகாரி வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டுக் கைது செய்தார் என்று இருக்கிறது. ஆகவே அந்த ஓர் இரவுக்கு உதவி நிர்வாகியைச் சிறைவைப்பில் பிடிப்பது கடினம். போலீசைப் பிடிக்க வேண்டுமென்றால் அவர்களுக்கு நியாயமான சந்தேகம் இல்லை என்று காட்ட வேண்டியிருக்கும். கிடங்குச் சாவி வைத்திருப்பவர் மீது, மேலாளர் நேரில் சொன்ன புகார் இருக்கும்போது அது எளிதல்ல.

இரண்டாவது முடிச்சு மறுநாள் காலை. மாஜிஸ்திரேட் ஆணையிட்ட நொடியில் சிறைவைப்புக் கயிறு அறுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவரை உள்ளே வைத்திருப்பது ஒரு நீதிபதியின் தீர்மானம், எந்தத் தனி மனிதரின் கையும் அல்ல. அந்த மூன்று நாளுக்கும், பிறகு 14 மாதம் நீதிமன்றப் படி ஏறி இறங்கியதற்கும், வக்கீல் கட்டணத்துக்கும், ஒட்டுக்கடையில் திருடன் என்ற பெயரோடு நின்றதற்கும் இழப்பீடு வேண்டுமானால் தீய நோக்க வழக்கு ஒன்றுதான் வழி. அது செங்குத்தான வழி.

இரவு ஷிப்ட் (கமுந்திங்)

இதைப் படித்ததும் கை நடுங்கியது. எனக்கும் இப்படி நடந்தது. ஐந்து ஆண்டு ஆகப்போகிறது. ஒரு பெரிய கடையில் பிள்ளைக்குக் காலணி வாங்கிவிட்டு வெளியே வந்தபோது காவலர் நிறுத்தினார். பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தார்கள். "கேமராவைப் பார்க்கிறோம், அதுவரை போகாதே" என்றார்கள். என் ஏழு வயது மகன் வெளியே தனியாக நின்றுகொண்டிருந்தான், கண்ணாடி வழியாக அவன் அழுவது தெரிந்தது. கடைசியில் ரசீது என் சட்டைப் பையிலேயே இருந்தது. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டார்கள். போலீஸ் வரவே இல்லை. இது தீய நோக்க வழக்குத்தானே? அவர்களுக்குத் தீய நோக்கம் இருந்தது எனக்கு நிச்சயம். ஆனால் என் நண்பர், "உன்மேல் வழக்கே இல்லையே, நீ என்ன வழக்குப் போடுவாய்?" என்று சொல்லிவிட்டார்.

பழைய வக்கீல் (ஈப்போ)

தம்பி, நண்பர் சொன்னது பாதி உண்மை. உங்கள்மேல் யாரும் குற்றம் சாட்டவில்லை, ஆகவே தீய நோக்க வழக்குக்கு அடித்தளமே இல்லை. ஆனால் அந்த நாற்காலி தவறான சிறைவைப்பு. அவர்களுடைய நோக்கம் தீயதா, நல்லதா என்று நீங்கள் ஒரு வார்த்தைகூட நிரூபிக்க வேண்டியதில்லை. மகன் வெளியே அழும்போதும் நீங்கள் எழுந்து போகவில்லை என்பதே, போக முடியாத நிலையில் இருந்தீர்கள் என்று காட்டும்.

ஒரே ஒரு கவலை, காலம். தீபகற்பத்தில் காலவரம்புச் சட்டம் 1953 இதற்கு ஆறு ஆண்டு தருகிறது, நடந்த நாளிலிருந்து. இப்போதே ஒரு வக்கீலைப் பாருங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வெப்பத்தாளாக இருந்தால் எழுத்து மங்கிவிடும், இன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

கயல்விழி, இந்தக் காலக்கணக்கையும் குறித்துக்கொள். செல்வத்தின் சிறைவைப்புக் கடிகாரம் அந்தப் புதன்கிழமையே ஓடத் தொடங்கிவிட்டது. தீய நோக்க வழக்கின் கடிகாரம் அவர் விடுதலையான நாளில்தான் தொடங்கும். போலீஸ் போன்ற அரசுத் தரப்பைப் பிரதிவாதி ஆக்கினால் 36 மாதம்தான், அது பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 1948. 14 மாத விசாரணை முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளை

சரி ஐயா, பூட்டு விஷயத்தில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்ததில் விடமாட்டேன். பொய்ப் புகார் கொடுத்தவன்தான் வழக்குத் தொடுத்தவன். இதில் என்ன சிக்கல்?

பழைய வக்கீல் (ஈப்போ)

சிக்கல் இருக்கிறது. நம் நாட்டில் குற்ற வழக்கைத் தொடுப்பது அரசு வழக்கறிஞர் தரப்பு. அரசமைப்பின் 145ஆம் விதி அந்த அதிகாரத்தைச் சட்டத்துறைத் தலைவருக்குத் தந்திருக்கிறது. ஆகவே புகார்காரர் எப்போதும், "நான் சொன்னேன், அவர்கள் தீர்மானித்தார்கள்" என்று ஒதுங்கப் பார்ப்பார். பல வழக்குகளில் அது எடுபடும்.

எடுபடாத சூழலை 1995இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மார்ட்டின் எதிர் வாட்சன் வழக்கில் சொன்னது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபாசமாக நடந்துகொண்டார் என்று ஒரு பெண் பொய்ப் புகார் கொடுத்தார். நடந்ததா இல்லையா என்பது அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும், போலீஸ் சுயமாகச் சரிபார்க்க வழியே இல்லை. அப்படிப்பட்ட நிலையில் பொய் சொன்னவரே வழக்குத் தொடுத்தவர் ஆகிறார் என்று தீர்த்தார்கள்.

இதைச் செல்வத்துக்குப் பொருத்திப் பார். மூட்டைகள் எங்கே போயின என்று போலீஸ் லாரி ஓட்டுநரைக் கேட்டிருக்கலாமா? கேட்டிருக்கலாம். அதுதான் உதவி நிர்வாகியின் வக்கீல் பிடிக்கும் துரும்பு. ஆனால் அந்தச் சீட்டு அவருடைய கோப்பில் இருந்தது. அதை மறைத்துவிட்டு "மூட்டை காணவில்லை" என்று வாக்குமூலம் கொடுத்தால் போலீஸ் ஓட்டுநரைத் தேடிப் போக ஒரு நூல்கூடக் கிடைக்காது. நான் செல்வத்தின் பக்கம் நின்றால் முழு வாதத்தையும் அந்தக் கார்பன் நகலின்மேல்தான் கட்டுவேன்.

கயல்விழி (சுங்கை சிப்புட்)

உதவி நிர்வாகி அந்தச் சீட்டை உண்மையிலேயே மறந்திருந்தால், ஐயா? ஒரு நாளில் எத்தனையோ சீட்டில் கையெழுத்துப் போடுவார்கள். என் அப்பா தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்தவர். மாத முடிவில் சீட்டுக் கட்டைப் பார்க்கப் பயமாக இருக்கும்.

பழைய வக்கீல் (ஈப்போ)

உன் ஆசிரியர் எதிர்பார்த்த கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

நம் நீதிமன்றங்கள் 1966இல் ராவுத்தர் எதிர் அப்துல் கரீம் வழக்கிலிருந்து கேட்பவை இவை: பிரதிவாதி சட்டத்தை முடுக்கிவிட்டாரா, வழக்கு வாதிக்குச் சாதகமாக முடிந்ததா, நியாயமான காரணம் இல்லாமல் தொடுக்கப்பட்டதா, தீய நோக்கம் இருந்ததா, அதனால் நட்டம் வந்ததா. ஐந்தையும் செல்வமே நிரூபிக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் வழக்கு விழும். சாதகமான முடிவு இருக்கிறது. நட்டமும் இருக்கிறது, திருட்டுக் குற்றச்சாட்டே பெயரைக் கெடுக்கும், வக்கீல் கட்டணமும் போனது. எஞ்சிய போர் முழுவதும் நியாயமான காரணத்தைப் பற்றியதுதான்.

விடுதலை ஆனதாலேயே நியாயமான காரணம் இல்லை என்று ஆகாது. பிள்ளை தடுக்கி விழுந்ததும் இங்கேதான். புகார் கொடுத்த நாளில், அன்று அவருக்குத் தெரிந்ததை வைத்து, செல்வம் குற்றவாளி என்று உண்மையாக நம்பினாரா, அந்த நம்பிக்கைக்கு நிதானமான ஒருவர் ஏற்கும் ஆதாரம் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மறந்துபோய் உண்மையாக நம்பியிருந்தால், அவருக்குத் தப்ப வழி திறக்கிறது. தம் கோப்பையே புரட்டிப் பார்க்காமல் ஒருவர்மேல் திருட்டுப் பழி போடுவது நிதானமா என்று நாம் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அது திருப்பிக் கேட்பதுதான், வெற்றி உறுதி இல்லை.

தோட்டத்துப் பிள்ளை

தொழிற்சங்கப் புகாரை மறந்துவிட்டீர்களே! இரண்டே வாரத்துக்கு முன்பு. சின்னத் துரைக்கு வன்மம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வன்மம் இருந்தால் காரணம் இல்லை என்றுதானே பொருள்?

பழைய வக்கீல் (ஈப்போ)

இல்லை. இதில் ஒரு திசை மட்டும்தான் திறந்திருக்கிறது. காரணமே இல்லாமல் வழக்குப் போட்டார் என்றால் அதிலிருந்து வன்மத்தை ஊகிக்கலாம். வன்மம் எவ்வளவு வெளிப்படையாக இருந்தாலும், அதிலிருந்து காரணம் இல்லை என்று ஊகிக்க முடியாது. 1786இலிருந்து இதுதான் விதி. நம்மைப் பிடிக்காத மேலாளரும் ஒரு உண்மையான திருட்டைப் பிடிக்கலாம் அல்லவா? ஆகவே சங்கப் புகார் தீய நோக்கத்துக்கு மட்டும் உதவும். நியாயமான காரணம் இல்லை என்பதைத் தனியாக, சீட்டை வைத்தே நிறுத்த வேண்டும்.

நல்லெண்ணம் இரண்டிலும் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்க 1914இன் வால்டர்ஸ் வழக்கைப் படி. புத்தகக் கடை ஊழியர் ஒருவர் திருடினார் என்று நிறுவனம் சந்தேகித்துப் பிடித்து வைத்தது. அவர்கள் உண்மையாக நம்பினார்கள், கவனமாகவும் நடந்தார்கள் என்று ஜூரி ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தத் திருட்டை யாருமே செய்திருக்கவில்லை, ஆகவே தனி மனிதர் பிடித்து வைத்தது தவறு, சிறைவைப்புக்கு இழப்பீடு கிடைத்தது. செல்வத்தின் 12 மூட்டையும் திருடப்படவே இல்லை. உதவி நிர்வாகி மறந்துவிட்டார் என்று நீதிமன்றம் முழுமையாக நம்பினாலும், அந்த நாலரை மணி நேரத்துக்கு அவரும், அவரை வேலைக்கு வைத்த நிறுவனமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாலதி டீச்சர்

இன்னும் ஒன்று கேட்கிறேன், இந்த முறை தலைப்புக்கு உள்ளேதான். என் தம்பிமேலும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் "விடுவிக்கிறோம், ஆனால் இது குற்றமற்றவர் என்ற விடுதலைக்குச் சமமாகாது" என்றது. அது சாதகமான முடிவா?

இரவு ஷிப்ட் (கமுந்திங்)

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் சாதகம்தானே?

பழைய வக்கீல் (ஈப்போ)

டீச்சர், அங்கே வக்கீல்களே மோதிக்கொள்வார்கள். தண்டனை இல்லாமல் முடிந்தாலே போதும், நிரபராதி என்று அறிவிக்க வேண்டியதில்லை என்பது ஒரு பக்கம். நாளையே அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவரலாமே, முடிந்தது என்று எப்படிச் சொல்வது என்பது மறுபக்கம். நான் தம்பிக்காக நின்றால், முதலில் அரசுத் தரப்புக்கு எழுதி, முழு விடுதலை ஆணை கேட்டு நீதிமன்றம் போவேன். ஆணை கையில் வந்த பிறகுதான் இழப்பீட்டு வழக்கைத் தொடுவேன். இன்னொருவர் வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

தோட்டத்துப் பிள்ளை

நான் வேறு விதமாகத்தான் சொல்வேன். முழு ஆணைக்குக் காத்திருந்தால் ஆண்டுகள் ஓடிவிடும், ஏழை எங்கே போவான்? இப்போதே வழக்கைத் தொடுத்துவிட்டு, முடிந்ததா இல்லையா என்று நீதிபதி முன்னிலையில் வாதாட வேண்டும்.

கயல்விழி (சுங்கை சிப்புட்)

விடையைத் திருத்தி எழுதிவிட்டேன். 2 முதல் 6.30 வரை உதவி நிர்வாகி, நிறுவனம் இருவர்மீதும் சிறைவைப்பு, 27ஆம் பிரிவு கைகொடுக்காது. 6.30 முதல் காலை வரை போலீஸ் தன் பொறுப்பில் செய்த கைது, உதவி நிர்வாகிமேல் சிறைவைப்பு நிற்காது. மாஜிஸ்திரேட்டுக்குப் பிறகு தீய நோக்க வழக்கு மட்டும். அதில் இரண்டு பக்கம் முழுக்கக் கார்பன் நகலைப் பற்றியே எழுதினேன். மறந்திருந்தால் எங்கே உடையும் என்றும் எழுதினேன்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். விடையை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தச் சீட்டில் நாள் என்ன போட்டிருந்தது?" கேள்வித்தாளில் அது இல்லை. கணக்கெடுப்புக்கு முந்தைய நாளா, மூன்று மாதம் முன்பா?

பழைய வக்கீல் (ஈப்போ)

அப்பா பெரிய ஆள். முந்தைய நாள் என்றால் மறந்தேன் என்பதை நம்புவது கடினம். மூன்று மாதம் என்றால் அவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். விடையில் இரண்டையும் எழுது.

இரவு ஷிப்ட் (கமுந்திங்)

ரசீது கிடைத்துவிட்டது ஐயா. மகனின் பள்ளிப் புகைப்பட ஆல்பத்துக்குள் மனைவி வைத்திருந்தாள். தேதி மங்கியிருக்கிறது, ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நேரம்கூடப் படிக்க முடிகிறது. திங்கட்கிழமை தைப்பிங்கில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

பழைய வக்கீல் (ஈப்போ)

நகல் எடுத்துவிட்டுப் போங்கள்.